பில் வருவதற்கு முன்பே கிரெடிட் கார்டுக்குப் பணம் கட்டினால் வட்டியும் ஸ்கோரும் என்ன ஆகும்?

கிரெடிட் கார்டு பில் வந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. கணக்கில் பாக்கி இருந்தால் எந்த நாளிலும் கட்டலாம். மாதத்தில் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்தும் கட்டலாம். அப்படிக் கட்டினால் என்ன லாபம் என்று கேட்டால்தான் குழப்பம் தொடங்குகிறது. வட்டி குறையும் என்பார் ஒருவர், கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் கிரெடிட் ஸ்கோர் ஏறும் என்பார் இன்னொருவர். இரண்டுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் உங்களுக்கு எது நடக்கும் என்பது நீங்கள் கார்டை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அதனால் முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். போன மாத பில்லை முழுவதுமாகக் கட்டினீர்களா, இல்லை கொஞ்சம் பாக்கி வைத்தீர்களா? இந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளாமல் இடையில் கட்டும் தேதியை முடிவு செய்ய முடியாது. முழுவதும் கட்டுகிறவருக்கு ஏற்ற தேதி ஒன்று, பாக்கி வைத்திருப்பவருக்கு ஏற்ற தேதி வேறு.

முதலில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஸ்டேட்மென்ட் தேதி என்று ஒன்று இருக்கும், கட்ட வேண்டிய கடைசி நாள் என்று இன்னொன்று இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் புதியவர்களிடம் அதிகம் பார்க்கும் தவறு. ஸ்டேட்மென்ட் தேதியில் ஒரு பில்லிங் சைக்கிள் முடிகிறது. அதுவரை கணக்கில் ஏறியதெல்லாம் அந்த பில்லில் வரும். கடைசி நாள் அதற்குச் சுமார் மூன்று வாரம் கழித்து வரும். அதற்குள் அந்த பில்லைக் கட்ட வேண்டும்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே கார்டை வைத்துக் கணக்குப் போடுகிறேன். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்களாகவே எழுதுகிறேன். கார்டின் லிமிட் 1,00,000. ஸ்டேட்மென்ட் தேதி ஒவ்வொரு மாதமும் 5, கடைசி நாள் 25. அதாவது ஒரு சைக்கிள் 6ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 5ஆம் தேதி முடியும். மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 36.5 சதவீதம். இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஒரு நாள் வட்டி சரியாக 0.1 சதவீதம் வரும், மனக்கணக்காகவே போட்டுவிடலாம். உங்கள் கார்டின் வட்டி இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். ஸ்டேட்மென்ட்டில் ஆண்டு விகிதம் இருந்தால் 365ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மாத விகிதம் மட்டும் இருந்தால் முதலில் 12ஆல் பெருக்கி, பிறகு வகுங்கள்.

முழுவதும் கட்டுகிறவருக்கு வட்டியில் மிச்சம் எதுவும் இல்லை

ஒருவர் 12ஆம் தேதி 30,000, 20ஆம் தேதி 25,000, 28ஆம் தேதி 10,000 என்று கார்டில் செலவு செய்கிறார். பழைய பாக்கி எதுவும் இல்லை. 5ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வரும்போது மொத்தம் 65,000. அதை 25ஆம் தேதிக்குள் முழுவதும் கட்டிவிட்டால் அவருக்கு வட்டி பூஜ்யம். இதைத்தான் வட்டியில்லாக் காலம் என்கிறோம்.

இவரே 1ஆம் தேதி, அதாவது ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே, 50,000 கட்டினால்? அப்போதும் வட்டி பூஜ்யம்தான். பூஜ்யத்தைக் குறைக்க வழியில்லை. 25ஆம் தேதி வரை தன் வங்கிக் கணக்கில் வைத்திருக்கக்கூடிய 50,000ஐ மூன்றரை வாரம் முன்னதாகக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே முழுவதும் கட்டும் பழக்கம் உள்ளவர் வட்டியை மிச்சம் பிடிக்க நினைத்து முன்கூட்டியே கட்ட வேண்டியதில்லை.

ஆனால் ஸ்டேட்மென்ட்டில் வரும் தொகை மாறிவிடுகிறது. முன்பு 65,000 என்று வந்திருக்கும், இப்போது 15,000 என்று வரும். ஸ்கோர் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது.

கிரெடிட் பீரோவுக்குப் போவது எந்த நாள் பாக்கி

கார்டு கொடுத்த நிறுவனம் உங்கள் கணக்கின் நிலையை, எல்லாருடைய கடன் விவரங்களையும் சேர்த்து வைக்கும் கிரெடிட் பீரோவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதில் உங்கள் லிமிட்டும் பாக்கியும் இருக்கும். பாக்கியை லிமிட்டால் வகுத்தால் வருவது பயன்பாட்டு விகிதம். 65,000 பாக்கி என்றால் 65 சதவீதம். 15,000 என்றால் 15 சதவீதம். ஸ்கோர் போடும்போது இந்த விகிதம் தனிக் கார்டுக்கும் பார்க்கப்படும், உங்களிடம் உள்ள எல்லாக் கார்டுகளையும் சேர்த்தும் பார்க்கப்படும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: அனுப்பப்படுவது குறிப்பிட்ட ஒரு நாளில் எடுத்த போட்டோ மாதிரியான ஒரு எண். அந்த மாதம் முழுவதும் எவ்வளவு செலவு செய்தீர்கள், கடைசி நாளுக்குள் ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதெல்லாம் அந்த ஒற்றைப் பாக்கி எண்ணில் தெரியாது. ஒழுங்காகக் கட்டியது வேறொரு இடத்தில் பதிவாகும். மாதாமாதம் முழுவதும் கட்டும் நல்ல பழக்கக்காரரின் அறிக்கையிலும் 65 சதவீதம் என்று இருக்கக் காரணம் இதுதான்.

பெரும்பாலான நிறுவனங்கள் ஸ்டேட்மென்ட் தேதியன்று இருக்கும் பாக்கியையே அனுப்புகின்றன. ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. சிலர் மாதக் கடைசி நாள் பாக்கியை அனுப்புவார்கள். மாதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அனுப்ப வேண்டும் என்று விதி உள்ள நாடுகளும் உண்டு. அதனால் உங்கள் கார்டு எந்த வகை என்று நீங்களே கண்டுபிடிப்பதுதான் நம்பகமான வழி. உங்கள் கிரெடிட் அறிக்கையை எடுத்து, அந்தக் கார்டுக்குக் கீழே தரப்பட்டிருக்கும் பாக்கியையும் அது எந்தத் தேதி நிலவரம் என்பதையும் பாருங்கள். பிறகு அந்த மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒப்பிடுங்கள். பாக்கி அப்படியே பொருந்தினால் உங்கள் நிறுவனம் ஸ்டேட்மென்ட் தொகையை அனுப்புகிறது. பொருந்தவில்லை என்றால், அறிக்கையில் உள்ள தேதியன்று கணக்கில் எவ்வளவு பாக்கி இருந்தது என்று பரிவர்த்தனைப் பட்டியலில் கூட்டிப் பாருங்கள். இரண்டு மாதம் இப்படி ஒப்பிட்டால் போதும், விஷயம் தெளிவாகிவிடும்.

30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எங்கும் சொல்கிறார்கள். அது ஒரு மதில் சுவர் இல்லை. 29க்கும் 31க்கும் இடையே பெரிய பள்ளம் எதுவும் கிடையாது. விகிதம் குறையக் குறைய ஸ்கோருக்கு நல்லது என்று எடுத்துக்கொண்டால் சரி. அதற்காக எல்லாக் கார்டிலும் பாக்கியைப் பூஜ்யமாக்கவும் வேண்டாம். சில ஸ்கோர் முறைகளில் எல்லாமே பூஜ்யமாக இருப்பதைவிட ஒரு கார்டில் சிறு தொகை தெரிவது கொஞ்சம் மேலானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல ஸ்கோர் முறைகள் கடைசியாக வந்த பாக்கியை மட்டுமே பார்க்கும். போன மாதம் 65 சதவீதம் இருந்தது இந்த மாதம் 15 ஆகிவிட்டால் பழையது மறந்துபோகும். அப்படிப்பட்ட முறையில், கடன் எதுவும் கேட்கப்போகாத மாதங்களில் நீங்கள் இந்த வேலையைச் செய்வதில் பயனே இல்லை. வீட்டுக் கடனுக்கோ வாகனக் கடனுக்கோ விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முந்தைய இரண்டு மாதம் செய்தால் போதும். ஃபைகோ 10டி, வான்டேஜ்ஸ்கோர் 4.0 போன்ற புதிய முறைகள் மட்டும் கடந்த மாதங்களின் போக்கையும் கணக்கில் எடுக்கின்றன. உங்கள் கடன் கொடுப்பவர் அப்படிப்பட்ட முறையைப் பயன்படுத்தினால் கடைசி நேர வேலைக்குப் பலன் குறைவாக இருக்கும்.

ஸ்கோருக்காகக் கட்டுவதானால் எந்த நாளில், எவ்வளவு

நம் கார்டில் ஸ்டேட்மென்ட் தேதி 5. பணம் 5ஆம் தேதிக்குள் கணக்கில் வரவு ஆகியிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நாள் முக்கியமில்லை, அது கார்டுக் கணக்கில் பதிவான நாள்தான் முக்கியம். வேறொரு வங்கியிலிருந்து அனுப்பினால் ஒன்றிரண்டு வேலை நாள் பிடிக்கலாம். இடையில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். சில ஆப்களில் பணம் அனுப்பிய உடனேயே பயன்படுத்தக்கூடிய லிமிட் கூடிவிடும், ஆனால் பாக்கி இரண்டு நாள் கழித்தே குறையும். லிமிட் கூடியதைப் பார்த்து வேலை முடிந்தது என்று விட்டுவிட வேண்டாம். ஸ்டேட்மென்ட்டுக்கு நான்கு வேலை நாள் முன்னதாகக் கட்டிவிடுவது பாதுகாப்பானது. நம் கார்டுக்கு 30 அல்லது 1ஆம் தேதி.

எவ்வளவு என்பதற்கு நேர்வழி இருக்கிறது. ஸ்டேட்மென்ட்டில் எவ்வளவு தெரிய வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 10 சதவீதம் தெரிய வேண்டும் என்றால் 10,000. இன்றைய பாக்கியில் அதைக் கழியுங்கள். 65,000இல் 10,000 போக 55,000. இதோடு, 5ஆம் தேதிக்குள் இன்னும் ஏறப்போகும் செலவுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பில் ‘பெண்டிங்’ என்று காட்டும் பரிவர்த்தனைகள் இன்னும் பாக்கியில் சேர்ந்திருக்காது. ஸ்டேட்மென்ட்டுக்கு முந்தின நாள் அவை பாக்கியாக மாறி உங்கள் கணக்கைக் குலைத்துவிடும். மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்களும் அப்படித்தான். இவை 3,000 வரும் என்று தெரிந்தால் 58,000 கட்டுங்கள். பணம் கட்டிய பிறகு 5ஆம் தேதி வரை கார்டைத் தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பாக்கியை மீறிக் கட்ட வேண்டாம். கணக்கில் உங்கள் பணம் அதிகமாக நின்றால் அதற்கு வட்டி எதுவும் வராது, விகிதமும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. திரும்பக் கேட்டு வாங்குவதும் அலைச்சல். அதேபோல் ஒரே சைக்கிளில் லிமிட்டை முழுவதும் செலவழிப்பது, கட்டுவது, மறுபடியும் முழுவதும் செலவழிப்பது என்று சுற்றிக்கொண்டிருந்தால் நிறுவனம் கணக்கைக் கவனிக்கத் தொடங்கும். ஸ்கோருக்காக ஒரு தடவை கட்டுவதில் அந்தச் சிக்கல் இல்லை.

கார்டிலேயே ஒரு பொருளை இஎம்ஐயாக மாற்றியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் மீதமுள்ள தவணைகள் எல்லாமே லிமிட்டைப் பிடித்து வைத்திருக்கும். சாதாரணமாக இடையில் கட்டும் பணம் அந்த அசலைக் குறைக்காது. அறிக்கையில் பாக்கி நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பாக்கி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் காசு

இனி அடுத்த வகைக்கு வருவோம். இடையில் கட்டுவதால் நிஜமாகவே பணம் மிச்சமாவது இவர்களுக்குத்தான். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

பழைய பாக்கி இருக்கும் கணக்கில் வட்டி தினசரி போடப்படுகிறது. ஒவ்வொரு நாள் முடிவிலும் எவ்வளவு பாக்கி என்று பார்த்து, அதற்கு அன்றைய வட்டியைக் கணக்கிட்டு, சைக்கிள் முடிவில் எல்லாவற்றையும் கூட்டி ஸ்டேட்மென்ட்டில் போடுவார்கள். சராசரி தினசரிப் பாக்கி என்று எழுதியிருந்தாலும் விஷயம் இதேதான். ஆகவே பாக்கி எந்த நாளில் குறைகிறதோ அந்த நாளிலிருந்தே வட்டியும் குறையும். கடைசி நாள் வரை காத்திருப்பது இங்கே சும்மா கொடுக்கும் காசு.

நம் கார்டில் 40,000 பழைய பாக்கி, புதுச் செலவு இல்லை, கையில் 20,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரியையும் வட்டிக்கு வட்டியையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். 40,000க்கு ஒரு நாள் வட்டி 40, 20,000க்கு 20.

கடைசி நாளான 25ஆம் தேதி கட்டுகிறார் என்றால், 6 முதல் 24 வரை 19 நாள் தினம் 40 வீதம் 760. மீதி 11 நாள் தினம் 20 வீதம் 220. மொத்தம் 980.

அதே 20,000ஐ 11ஆம் தேதியே கட்டியிருந்தால், முதல் 5 நாள் 40 வீதம் 200. மீதி 25 நாள் 20 வீதம் 500. மொத்தம் 700. 14 நாள் முன்னதாகக் கட்டியதில் 280 மிச்சம்.

இதை நினைவில் வைக்க ஒரு வரி போதும்:

```
மிச்சம் = கட்டும் தொகை × ஒரு நாள் வட்டி விகிதம் × முன்னதாகக் கட்டிய நாட்கள்
20,000 × 0.001 × 14 = 280
```

மொத்தமாகக் கையில் இல்லை, பாதி பாதியாகத்தான் வரும் என்றாலும் காத்திருக்காதீர்கள். 11ஆம் தேதி 10,000, 18ஆம் தேதி 10,000 என்று கட்டினால் வட்டி 770 வரும். 700ஐவிடக் கூடுதல்தான், ஆனாலும் 25ஆம் தேதி மொத்தமாகக் கட்டியதைவிட 210 குறைவு. ஆகவே பாக்கிக்காரருக்கு ஏற்ற தேதி ஸ்டேட்மென்ட் தேதியும் இல்லை, கடைசி நாளும் இல்லை. பணம் கைக்கு வந்த அன்றே.

‘இப்போது கட்டிவிட்டால் மாதக் கடைசியில் செலவுக்கு மறுபடியும் கார்டைத்தானே தேய்க்க வேண்டும்’ என்று சிலர் தயங்குவார்கள். சாதாரணக் கொள்முதல் வரை, கணக்குப்படி பார்த்தால் அதில் நஷ்டம் இல்லை. இடைப்பட்ட நாட்களில் பாக்கி குறைந்திருந்ததற்கான வட்டி மிச்சம்தான். ஆனால் கார்டிலிருந்து ரொக்கமாக எடுக்க வேண்டி வரும் என்றால் அந்தத் தொகையை மட்டும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் எடுத்தால் அன்றே வட்டி ஓடத் தொடங்கும், தனிக் கட்டணமும் உண்டு. 280 மிச்சம் பிடித்ததை அது விழுங்கிவிடும்.

பழைய பாக்கி இருக்கும்போது இன்னொரு இழப்பும் உண்டு. பொதுவாகப் புதிய செலவுகளுக்கு வட்டியில்லாக் காலம் போய்விடும். 15ஆம் தேதி வாங்கிய பொருளுக்கு 15ஆம் தேதியே வட்டி தொடங்கும். ஆகவே பாக்கி தீரும் வரை அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காமல், இன்னொரு கார்டையோ ரொக்கத்தையோ பயன்படுத்துவது நல்லது.

முழுவதும் கட்ட முடியாது என்று முன்பே தெரிந்தால்

இந்த மாதம்தான் முதல்முறையாகத் தடுமாறுகிறவர்களின் நிலை இது. நம் 65,000 செலவுக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவரால் மொத்தம் 45,000 மட்டுமே கட்ட முடியும். 25ஆம் தேதி அதைக் கட்டிவிட்டால் மீதி 20,000க்குத்தானே வட்டி என்று நினைப்பார். பல கார்டுகளில் அப்படி இல்லை. முழுத் தொகை வரவில்லை என்றால் வட்டியில்லாக் காலமே கிடைக்காமல் போய், ஒவ்வொரு செலவுக்கும் அது நடந்த நாளிலிருந்தே வட்டி போடுவார்கள்.

25ஆம் தேதி வரை கணக்குப் பார்ப்போம். 12ஆம் தேதி வாங்கிய 30,000க்கு 43 நாள் வட்டி 1,290. 20ஆம் தேதி 25,000க்கு 35 நாள், 875. 28ஆம் தேதி 10,000க்கு 27 நாள், 270. மொத்தம் 2,435. இதற்குப் பிறகு மீதி 20,000க்கு தினமும் 20 ஓடும்.

இவர் கையில் 1ஆம் தேதியே 25,000 இருந்திருந்து, அதை அப்போதே கட்டி, மீதி 20,000ஐ 25ஆம் தேதி கட்டியிருந்தால்? 25,000 × 0.001 × 24 நாள், அதாவது 600 குறைந்திருக்கும். வட்டி 1,835ஆக நின்றிருக்கும். ஆகவே முழுவதும் கட்ட முடியுமா என்று சந்தேகம் வரும் மாதத்தில், பில் வரட்டும் என்று காத்திருக்காமல் கையில் இருப்பதைக் கட்டிவிடுங்கள். எப்படியாவது கடைசியில் முழுவதும் கட்டிவிட்டீர்கள் என்றாலும் இழப்பு எதுவும் இல்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டேனே என்ற ஏமாற்றம்

இடையில் கட்டத் தொடங்குகிறவர்களை அதிகம் பாதிப்பது இதுதான். 1ஆம் தேதி 50,000 கட்டுகிறார். 5ஆம் தேதி 15,000க்கு ஸ்டேட்மென்ட் வருகிறது, அதில் மினிமம் தொகை 750 என்று இருக்கிறது. ‘இந்த மாதம்தான் ஐம்பதாயிரம் கட்டினேனே’ என்று அவர் 25ஆம் தேதியைக் கடந்துவிடுகிறார். தாமதக் கட்டணம் விழுகிறது, 15,000க்கு வட்டி ஓடுகிறது, கெடுவைத் தாண்டிய நாட்கள் கூடினால் தாமதம் என்று பீரோவிலும் பதிவாகலாம். ஸ்கோருக்காகச் செய்த வேலை ஸ்கோரையே அடித்துவிடும்.

ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன் கட்டியது அந்த ஸ்டேட்மென்ட்டின் தொகையைக் குறைக்கத்தான் பயன்பட்டது. ஸ்டேட்மென்ட் வந்த பிறகு அதில் எழுதியிருக்கும் தொகைக்கு, 6 முதல் 25 வரைக்குள், தனியாகப் பணம் கட்ட வேண்டும். எவ்வளவு பெரிய தொகையை முன்பு கட்டியிருந்தாலும் இது மாறாது. ஸ்டேட்மென்ட் தொகை பூஜ்யமாக வந்தால் மட்டும் அந்த மாதம் கட்ட வேண்டியதில்லை.

இதற்குச் சிறந்த காவல் ஆட்டோ டெபிட். முழு ஸ்டேட்மென்ட் தொகையும் கடைசி நாளில் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். இடையில் கட்டுவது அதற்கு மேல் நீங்கள் கையால் செய்யும் வேலையாக இருக்கட்டும். 1ஆம் தேதி 50,000 கட்டினால் ஸ்டேட்மென்ட்டே 15,000 என்று வரும், ஆட்டோ டெபிட்டும் 15,000 மட்டுமே எடுக்கும். ஸ்டேட்மென்ட் வந்த பிறகு, உதாரணமாக 10ஆம் தேதி, கையால் கட்டும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் அதைக் கழித்துக்கொண்டு மீதியை எடுக்கும், சில நிறுவனங்கள் ஸ்டேட்மென்ட்டில் இருந்த முழுத் தொகையையும் மறுபடியும் எடுத்துவிடும். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் பற்றாக்குறையாக இருக்கும் மாதத்தில் இது டெபிட் திரும்புவதில் போய் முடியும். வாடிக்கையாளர் சேவையில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 6 முதல் 25 வரை நீங்கள் கட்டும் பணம் பொதுவாக முதலில் பழைய ஸ்டேட்மென்ட் தொகைக்கே போகும். இந்த சைக்கிளின் புதிய செலவுகளைக் குறைக்க வேண்டும் என்றால் பழைய தொகையை முழுவதும் கட்டி, அதற்கு மேல் கட்ட வேண்டும். 26ஆம் தேதியிலிருந்து அடுத்த 5 வரை இந்தக் குழப்பம் இல்லை. பழையது தீர்ந்துவிட்டதால் கட்டுவதெல்லாம் புதியவற்றுக்கே. ஸ்கோருக்காகக் கட்டுகிறவர் 30 அல்லது 1ஆம் தேதியைத் தேர்ந்தெடுப்பது இதற்கும் வசதி.

சரியாக நடந்ததா என்று பார்ப்பது

ஸ்கோருக்காகக் கட்டியவர் அடுத்த ஸ்டேட்மென்ட்டை எடுத்து, தான் கட்டிய பணம் அந்த சைக்கிளுக்குள் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்தத் தொகை திட்டமிட்ட 10,000க்குப் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அறிக்கையில் அது ஏற சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகலாம். அதனால் 1ஆம் தேதி கட்டிவிட்டு 7ஆம் தேதி கடன் விண்ணப்பம் போட்டால் பழைய 65 சதவீதமே தெரிய வாய்ப்பு அதிகம். அறிக்கையில் புதிய தேதியும் புதிய பாக்கியும் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

வட்டிக்காகக் கட்டியவர் ஸ்டேட்மென்ட்டில் வட்டி என்று தனியாக வரும் தொகையைப் பார்க்க வேண்டும். மேலே போட்ட மாதிரி நாட்களை எண்ணிக் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். வரியும் வட்டிக்கு வட்டியும் சேர்வதால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பெரிய வித்தியாசம் இருந்தால், நீங்கள் கட்டிய நாள் தாமதமாகப் பதிவாகியிருக்கலாம். வரவு தேதியைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்.

பாக்கியை முழுவதும் தீர்த்த மாதத்தில் ஒரு சின்ன தொகை மறுபடியும் எட்டிப் பார்க்கும். 5ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டில் 20,000 இருந்தது, 20ஆம் தேதி முழுவதும் கட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 6 முதல் 19 வரை 14 நாள் அந்த 20,000 நின்றதல்லவா, அதற்கான 280 அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வரும். தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். அதையும் முழுவதும் கட்டிய பிறகே பாக்கி நிஜமாகத் தீர்கிறது; சில கார்டுகளில் இரண்டு ஸ்டேட்மென்ட் தொடர்ந்து முழுவதும் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம் திரும்பக் கிடைக்கும். அதுவரை அந்தக் கார்டில் பெரிய செலவு எதையும் போட வேண்டாம்.